நிறத்தைக் கடைசியில் பாருங்கள்: தோட்டத்துப் படத்தில் இருப்பது அழகியா, வெள்ளையனா, தாவியா, வரியனா?

பருவமழையை ஒட்டிய மாதங்களில் தமிழ்நாட்டில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கின்றன. சமவெளியிலிருந்தும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமாகவும், பின்பு எதிர்த்திசையிலும் அவை பறப்பது செய்தியாகும்போது, வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படங்களும் கூடவே பரவும். ஒரே கருநீலப் பூச்சிக்கு நான்கு பேர் நான்கு பெயர் சொல்வார்கள். நால்வரும் நிறத்தைப் பார்த்தே சொல்வதுதான் குழப்பத்தின் வேர்.

வண்ணத்துப்பூச்சி உலகில் நிறம் நம்பக்கூடிய சாட்சி அல்ல. பறவைக்குக் கசக்கும் பூச்சியின் நிறத்தைக் கசக்காத பூச்சி போட்டுக்கொள்கிறது. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் வேறு நிறத்தில் இருக்கும். மழைக்காலத்துக்கு ஒரு வண்ணம், வறண்ட காலத்துக்கு ஒரு வண்ணம் என்று மாறுவதும் உண்டு. இறக்கையின் வெட்டும் பூச்சி அமரும் விதமும் அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை, ஏனென்றால் அவை உடலமைப்பிலிருந்து வருபவை.

## முதலில் சில சொற்கள்

வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு இறக்கைகள்: முன் இறக்கை ஒரு இணை, பின் இறக்கை ஒரு இணை. பின் இறக்கையில் உடலை ஒட்டி வரும் ஓரத்தை இங்கே ‘உள்விளிம்பு’ என்றும், உடலுக்கு அப்பால் இருக்கும் ஓரத்தை ‘வெளிவிளிம்பு’ என்றும் அழைப்போம். தலையிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய குச்சிகள் உணர்கொம்புகள். தலைக்கு அடுத்தது மார்பு. இறக்கைகளும் ஆறு கால்களும் அதிலிருந்தே கிளம்புகின்றன. அதற்கும் பின்னால் இருப்பது வயிறு.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் நான்கு. ஆங்கிலத்தில் ஸ்வாலோடெயில் எனப்படுபவை தமிழில் அழகிகள். வெள்ளை, மஞ்சள் நிறப் பூச்சிகள் வெள்ளையன்கள். ஸ்கிப்பர்களைத் தாவிகள் என்போம். முன்கால் தூரிகைபோல் சுருங்கிப்போன பெருங்குடும்பம் வரியன்கள். குடும்பப் பெயரை வைத்து உருவத்தை முடிவுசெய்துவிடக் கூடாது. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், வரியன் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் நீல வரியனைப் போலக் கோடுகோடான இறக்கை அதற்கு இல்லை. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

நீலன்கள் என்ற ஐந்தாவது குடும்பமும் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. கட்டைவிரல் நகம் அளவுள்ள, சாம்பல் நீலப் பூச்சி புல்லில் உட்கார்ந்திருந்தால் அதை இந்த நான்கில் எதிலும் திணிக்காமல் தனியே வைத்துவிடுங்கள்.

## அழகிகள்: வாலைத் தேடாதீர்கள், வயிற்றைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் முதலில் தேடுவது பின் இறக்கையின் வாலை. இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். எலுமிச்சைச் செடியிலும் நாரத்தையிலும் முட்டையிடும் எலுமிச்சை அழகிக்கு வாலே கிடையாது. பெரிய உடலோடு தாழப் பறக்கும் நீல அழகிக்கும் கிடையாது. கறிவேப்பிலை அழகிக்கு வால் உண்டு. ஆனால் பறவையும் ஓணானும் முதலில் பிடிப்பது அந்த வாலைத்தான். பத்து நாள் வாழ்ந்த பூச்சிக்கு அது அறுந்திருப்பது சாதாரணம். இன்னொரு பக்கம், நீலன்களில் பலவற்றுக்கு மெல்லிய வால் உண்டு, வரியன்களிலும் சிலவற்றுக்கு உண்டு.

நம்பத்தக்க குறி பின் இறக்கையின் உள்விளிம்பு. மற்றக் குடும்பங்களில் இந்த விளிம்பு அகன்று மடிந்து, வயிற்றை இரு பக்கமும் ஒரு தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும். அழகிகளில் அந்தப் பகுதி குறுகி, உள்நோக்கி வளைந்து வெட்டியதுபோல் இருக்கும். அதனால் இறக்கைகளை மேலே கூப்பி நிற்கும் அழகியைப் பக்கவாட்டில் எடுத்தால் வயிறு முழு நீளமும் வெளியே தெரியும். இறக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே பின்னணியின் பச்சைகூடத் தெரியலாம்.

இதில் ஒரு விதிவிலக்கை மனத்தில் வையுங்கள். முட்டையிடும் பெண் பூச்சி எந்தக் குடும்பமானாலும் வயிற்றை வளைத்து இலையில் ஊன்றும். அந்த ஒரு நொடியில் எடுத்த படத்தில் வெள்ளையனின் வயிறும் வெளியே நீட்டித் தெரியும்.

அடுத்தது நிற்கும் முறை. அழகிகள் பூவில் தேன் குடிக்கும்போது தங்கள் எடை முழுவதையும் பூவின் மேல் போடுவதில்லை. கால்கள் பூவைத் தொட்டிருக்க, முன் இறக்கைகள் ஓயாமல் படபடக்கும்; பின் இறக்கைகள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடி அளவில் இருந்தால் இது படத்திலேயே பதிந்துவிடும்: உடலும் பின் இறக்கையும் தெளிவாகவும் முன் இறக்கை மட்டும் கலங்கலாகவும் வரும். பலர் இப்படிப்பட்ட படத்தைப் பழுது என்று அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கலங்கலே அடையாளம்.

மாலையில் ஓய்வெடுக்கும்போது எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் வேறு விதமாக அமரும். இலை மேல் இறக்கைகளைப் படுக்கையாக விரித்து, முன் இறக்கைகளைக் கீழே இறக்கிப் பின் இறக்கைகளின் பெரும்பகுதியை மூடிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் அகலமான முக்கோணம் போலத் தெரியும். இந்த நிலையில் வால் பாதி மறைந்துவிடும், வயிறும் மேல்பக்கம் மட்டுமே தெரியும். அந்தி நேரத்துப் படத்தில் பெரிய பூச்சி ஒன்று இப்படிப் படுத்திருந்தால் அழகி என்று எண்ணத் தொடங்கலாம்.

## வெள்ளையன்கள்: கூப்பிய கை

வெள்ளையன்களின் இறக்கை வெட்டு எளிமையானது. பின் இறக்கை வட்டமாக இருக்கும், வால் இருக்காது, வெளிவிளிம்பில் அலையோ பல்லோ இருக்காது. கூப்பிய நிலையில் மொத்த வடிவம் வழுவழுப்பான அரைவட்டம்.

அமர்ந்தால் கூப்புவதுதான் இவற்றின் பழக்கம். புல்தரையில் தாழப் பறக்கும் சிறிய மஞ்சள் பூச்சிகளை மணிக்கணக்கில் பின்தொடர்ந்தாலும், உட்கார்ந்த நிலையில் மேல்பக்கம் காட்டுவது அரிது. கொன்றை மரத்தைத் தேடி வரும் எமிகிரண்ட் வகை வெயில் ஏறியதும் இலையின் அடியில் தொங்கி, இறக்கையைக் கூப்பி, வெளிறிய இலையாகவே மாறிவிடும். எனவே மஞ்சள் பூச்சி ஒன்று பூவின் மேல் இறக்கையை முழுக்க விரித்திருக்கும் படம் வந்தால், அது அமர்ந்ததா, பறந்தபடி தொட்டதா என்று முதலில் பாருங்கள்.

வெள்ளையன் அமர்ந்த நிலையில் இறக்கையை விரிக்கும் ஒரு தருணம் உண்டு, அது பார்க்கத் தக்கது. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்ணை இன்னொரு ஆண் நெருங்கினால், அந்தப் பெண் இறக்கைகளைத் தட்டையாக விரித்து வயிற்றைச் செங்குத்தாக மேலே தூக்கிக் காட்டும். ‘வேண்டாம்’ என்பதன் உடல்மொழி இது. படத்தில் மேலே ஒரு பூச்சி படபடக்க, கீழே ஒன்று வயிற்றைத் தூக்கியபடி விரிந்து கிடந்தால், விரிந்த இறக்கையை வைத்து வெள்ளையன் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

மெல்லிய இறக்கையால் இன்னொரு பிழையும் நேர்கிறது. சூரியன் பின்னால் இருக்கும்போது எடுத்தால் மேல்பக்கத்துக் கறுப்பு ஓரம் கீழ்ப்பக்கத்தின் வழியே ஊடுருவித் தெரியும். கீழ்ப்பக்கத்தில் அப்படி ஒரு கோலம் இருப்பதாக எண்ணி இனத்தைத் தவறாகக் குறிப்பவர்கள் அதிகம். நல்லவேளையாக இறக்கையின் வெட்டு அந்த ஒளியால் மாறுவதில்லை.

## தாவிகள்: அந்துப்பூச்சி என்று ஒதுக்கப்படுபவை

பழுப்பாக, குண்டாக, அம்புபோல் பாயும் இந்தப் பூச்சிகளைப் பெரும்பாலானோர் அந்துப்பூச்சி என்று நினைத்துப் படமே எடுப்பதில்லை. உடலுக்கு இறக்கை சிறியதாகத் தெரியும். முன் இறக்கை கூரான முக்கோணம். தலை மார்பளவுக்கு அகலம். கண்கள் எட்ட எட்ட இருக்கும். உணர்கொம்புகளின் அடியும் ஒன்றுக்கொன்று தள்ளியே முளைத்திருக்கும். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போல் தடித்து முடியும். தாவிகளில் அந்தத் தடிப்பின் முனை பின்னோக்கி வளைந்து கொக்கியாகும். அந்துப்பூச்சிகளின் கொம்பு பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். படத்தைப் பெரிதாக்கிக் கொக்கி தெரிகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

அமரும் விதத்தில் இவற்றிடம் மூன்று பழக்கங்கள் உள்ளன, எந்த வகைத் தாவி என்பதும் அதிலிருந்து ஓரளவு தெரிந்துவிடும்.

1. புல்லிலும் நெல்லிலும் வளரும் சிறு தாவிகள் வெயில் காயும்போது பின் இறக்கைகளைப் படுக்கையாக விரித்து, முன் இறக்கைகளை மட்டும் சாய்வாக நிமிர்த்தி நிற்கும். எதிரே நின்று பார்த்தால் சிறிய போர்விமானம் நிறுத்தியதுபோல் இருக்கும். இந்த இரட்டை நிலையை வேறு குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளில் காண்பது அரிது. படத்தில் இது தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. அதே பூச்சி நிழலில் இறக்கையைக் கூப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. ஃப்ளாட் எனப்படும் வகை, பெயருக்கேற்ப நான்கு இறக்கைகளையும் இலையோடு ஒட்டி விரிக்கும். இலையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தங்குவதும் உண்டு. அந்துப்பூச்சி என்ற குழப்பம் இங்கேதான் உச்சம்.

3. புங்க மரத்தைச் சுற்றும் ஆல் வகை இலையடியில் இறக்கையைக் கூப்பி, தலையைக் கீழே வைத்துத் தங்கும். கூப்பிய முன் இறக்கை நீண்டு கூராக இருப்பதால் வெள்ளையனின் அரைவட்டத்தோடு குழம்பாது.

தோட்டத்தில் எங்கு தேடுவது என்பதும் உதவும். மஞ்சள், இஞ்சிச் செடிகளின் இலை சுருட்டி ஒட்டப்பட்டிருந்தால் கிராஸ் டீமன் எனப்படும் தாவியின் புழு உள்ளே இருக்கக்கூடும். தென்னங்கீற்றைச் சுருட்டும் பெரிய ரெட்-ஐ தாவி அந்தியில் பறப்பது. சிவந்த கண்கள் இருப்பதால் இன்னும் எளிதாக அந்துப்பூச்சிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

## வரியன்கள்: ஆறில் இரண்டு எங்கே?

இந்தக் குடும்பத்துக்கு ஒற்றை அமரும் விதம் கிடையாது, இதுதான் கடினமான இடம். பான்சி வகை காலை வெயிலில் தரையிலோ இலையிலோ இறக்கையைத் தட்டையாக விரிக்கும். ஆமணக்கைச் சுற்றும் காஸ்டர் வகையும் அப்படியே. வெந்தய வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை பெரும்பாலும் கூப்பித் தொங்கும். மாலையில் தோட்டத்துச் சருகில் இறங்கும் ஈவ்னிங் பிரவுன் கூப்பியே உட்காரும். வறண்ட காலத்தில் அதன் கண்புள்ளிகள் மங்கிப்போய், முன் இறக்கையின் நுனி கொக்கிபோல் வளைந்து, காய்ந்த இலையும் அதுவும் ஒன்றாகிவிடும்.

ஏன் ஒன்று விரிக்கிறது, ஒன்று கூப்புகிறது? வண்ணத்துப்பூச்சிகளுக்கு உடல்சூடு வெயிலிலிருந்தே கிடைக்கிறது. பறக்கும் தசைகள் நன்றாக வேலைசெய்ய ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். காலை எட்டு மணிக்கு விரித்த பூச்சி நண்பகலில் மூடிக்கொள்வது சூட்டைக் குறைக்கவே. ஆகவே படத்தின் நேரம் தெரியாமல் அமரும் விதத்தைப் பற்றிப் பேசுவது பாதி உண்மைதான். கைபேசிப் படத்தில் நேரம் பதிந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு முடிவுக்குப் போங்கள்.

இறக்கை வெட்டில் வரியன்கள் பலவிதம். பான்சி, காஸ்டர் போன்றவற்றின் வெளிவிளிம்பு அலையலையாகவோ முனைமுனையாகவோ வெட்டியிருக்கும்; வெள்ளையனிடம் இப்படி ஒருபோதும் பார்க்க முடியாது. வழுவழுப்பான விளிம்புள்ள வரியன்களுக்குக் கால்களைத்தான் எண்ண வேண்டும். முன்கால் இணை சுருங்கி, மயிர் அடர்ந்த சிறு தூரிகையாக மார்போடு ஒட்டிக் கிடக்கும். எனவே பூச்சி நான்கு கால்களில் நிற்கும். அழகியும் வெள்ளையனும் தாவியும் ஆறிலும் நிற்கும்.

ஆனால் ‘நான்கு தெரிகிறது’ என்பதும் ‘நான்குதான் இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. பூவிதழ் ஒரு காலை மறைத்திருக்கலாம், தேன் உறிஞ்சும் சுருள்குழல் இன்னொன்றை மறைக்கலாம். தலைக்குக் கீழே, மார்பின் முன்பக்கத்தில் மடித்து ஒட்டிய சிறு கால் தெரிந்தால்தான் வரியன் என்று உறுதி. தெரியாவிட்டால் எண்ணிக்கையைச் சாட்சியாக வைக்கக் கூடாது.

## ஒரே கோலம், மூன்று குடும்பங்கள்

மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் ஒரே வாரத்தில் எடுத்த மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும். மூன்றையும் நீல வரியன் என்று குறித்தால் இரண்டு தவறாகலாம். நீல வரியனின் புழு எருக்கின் உறவுச் செடிகளைத் தின்று வளர்வதால் பூச்சி கசக்கும், அதைத் தின்ற பறவை மறுபடி தொடாது. அதனால் இரண்டு வேறு குடும்பங்களில் இதே உடை தைத்துக்கொண்ட பூச்சிகள் உண்டு.

முதல் படம், காலை 10 மணி. பூச்சி கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த தண்டைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறது, இறக்கை கூப்பியிருக்கிறது. மார்பும் தலையும் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள். மார்பின் முன்னே மடிந்த சிறு கால். பின் இறக்கையின் கீழ்ப்பக்கத்தில் சிறு பைபோல் ஒரு புடைப்பு. ஆண் நீல வரியனின் மணப்பை அது. காய்ந்த தண்டைத் தேடிவருவதும் ஆண்களின் வேலையே; பெண்ணைக் கவரும் மணத்துக்கு வேண்டிய வேதிப்பொருளை அதிலிருந்து எடுக்கின்றன. இது உண்மையான நீல வரியன்.

இரண்டாவது படம், காலை 11 மணி. லந்தானா பூவில். உடல் தெளிவு, முன் இறக்கை மட்டும் கலங்கல். கால்கள் ஆறும் பூவைத் தொடுகின்றன. பின் இறக்கைக்கு அப்பால் வயிறு முழுக்கத் தெரிகிறது, பின் இறக்கையின் கீழ்ப்பக்க ஓரத்தில் மஞ்சள் பொட்டு வரிசை. வால் இல்லை, இருந்தாலும் இது அழகி: காமன் மைம். அதன் புழு லவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தில் வளர்வது, எனவே அருகில் அந்த மரம் உண்டா என்று கேட்பது நியாயமான அடுத்த கேள்வி. இதே இனத்துக்கு வெண்புள்ளிக் கருப்பனைப்போல் இருக்கும் இன்னொரு உருவமும் உண்டு.

மூன்றாவது படம், நண்பகல். வேலியில் ஆதொண்டைக் கொடி, அதன் அருகே கூப்பிய இறக்கையோடு ஒரு பூச்சி. நீல வரியனைவிடச் சிறியது, ஆனால் தனியாக எடுத்த படத்தில் அளவு தெரியாது, அதனால் இதை விட்டுவிடுவோம். வயிறு பின் இறக்கைகளின் மடிப்புக்குள் அடங்கியிருக்கிறது, எனவே அழகி அல்ல. வெளிவிளிம்பு வழுவழுப்பு. கால்கள் ஆறு, மார்பில் வெள்ளைப் பொட்டுகள் இல்லை. வெள்ளையன் குடும்பத்து வாண்டரரின் பெண் இது. ஆண் வாண்டரர் வெளிர்நீலத்தில், கறுப்பு நரம்பும் ஓரமுமாக இருப்பதால் ஒரு ஜோடியைச் சேர்த்துப் படமெடுத்தால் சந்தேகமே வராது.

மூன்றாவது படம் மட்டும் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால்? கால்கள் மறைந்திருக்கும், உள்விளிம்பு உடலோடு கலந்திருக்கும். கோலம் மட்டும் மிஞ்சும், அதுவோ மூவருக்கும் பொது.

## படம் எடுக்கும்போதே முடிகிற வேலை

1. முதல் படத்தைப் பூச்சி எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே, தூரத்திலிருந்து எடுங்கள். நெருங்கினால் நிலையை மாற்றிவிடும், அப்போது பதிவது பயந்த பூச்சியின் நிலை, ஓய்வு நிலை அல்ல.

2. அடுத்து, பூச்சியின் கண்மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒன்று. வயிறும் பின் இறக்கையின் உள்விளிம்பும் கால்களும் இந்த ஒரே கோணத்தில் சேர்ந்து கிடைக்கும்.

3. பறக்காமல் இருந்தால் தலைப்பக்கம் ஒன்று, உணர்கொம்பின் நுனிக்காக. தாவியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இதுவே தீர்க்கும்.

4. சாய்கோணத்தில் எடுத்த படத்தை வைத்து இறக்கையின் அகலத்தைப் பேசாதீர்கள். வட்டமான இறக்கையும் சாய்வில் கூராகத் தெரியும்.

ஒரே படம்தான் கையில் இருக்கிறது, கால்களும் தெரியவில்லை, விளிம்பும் கிழிந்திருக்கிறது என்றால் கோலத்தை வைத்து இனப்பெயர் போடாமல், ‘வெளிவிளிம்பு வழுவழுப்பு, கூப்பிய நிலை, பகல் 12.40’ என்று தெரிந்ததை மட்டும் எழுதி வையுங்கள். மறுநாள் அதே கொடியருகே அதே நேரத்தில் காத்திருந்தால் இன்னொரு பூச்சி வரும்.